EUR/USD 1.10 என்றால் பெருக்குவதா, வகுப்பதா?

கேள்வி: "EUR/USD 1.10 என்று போட்டிருக்கிறது. என் கையில் 5,500 டாலர் இருக்கிறது. யூரோவாக்க 1.10-ஆல் பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்."

வகுக்க வேண்டும், விடை 5,000 யூரோ.

குழப்பத்திற்குக் காரணம் அந்தச் சாய்கோடுதான். பள்ளியில் கி.மீ./மணி என்று எழுதினால் ஒரு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று படித்தோம். ஆனால் நாணயச் சந்தையில் EUR/USD என்பதற்கு முதலில் நிற்கும் யூரோ ஒன்றுக்கு எத்தனை டாலர் என்று பொருள். இந்திய ரூபாய்க்கான குறிப்பு விகிதப் பட்டியலிலோ INR / 1 USD என்று எழுதி, ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதைக் குறிக்கிறார்கள். ஒரே கோட்டை இரண்டு இடங்களில் நேர்மாறாகப் படிக்க வேண்டியிருப்பதால், கோட்டை நம்பாமல் விகிதத்தை முதலில் ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்: "1 யூரோ = 1.10 டாலர்." இப்போது உங்கள் கையில் இருப்பது "1" என்று நிற்கும் பக்கத்து நாணயம் என்றால் பெருக்க வேண்டும், மறுபக்கத்து நாணயம் என்றால் வகுக்க வேண்டும். உங்களிடம் இருப்பது டாலர் என்பதால் 5,500 ÷ 1.10.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில், 2,200 டாலர் கப்பல் கட்டணத்தை நான் பெருக்கி 2,420 யூரோ என்று எழுதிவிட்டேன். சரியான தொகை 2,000 யூரோ. டாலரையும் ரூபாயையும் மாற்றும்போது தவறினால் விடை பல ஆயிரம் மடங்கு விலகிக் கண்ணில் பட்டுவிடும். விகிதம் ஒன்றுக்கு அருகில் இருக்கும்போதோ தவறான விடையும் நம்பும்படியாகவே இருக்கும். அன்றிலிருந்து கணக்குப் போடுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: எந்த நாணயத்துக்கு மதிப்பு அதிகம்? யூரோவுக்கு அதிகம் என்றால் யூரோவின் எண்ணிக்கை டாலரின் எண்ணிக்கையைவிடக் குறைந்தே ஆக வேண்டும். 2,420 என்ற விடை அங்கேயே அடிபட்டுவிடும்.

வகுப்பதைத் தவிர்க்கச் சிலர் விகிதத்தைத் தலைகீழாக்கி, 1 டாலர் = 0.91 யூரோ என்று வைத்துக்கொண்டு பெருக்குவார்கள். முறை சரிதான், ஆனால் 1 ÷ 1.10 என்பது 0.90909… என்று நீள்வதால், இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் உங்கள் 5,500 டாலருக்கு 5,005 யூரோ வரும். ஐந்து யூரோ வித்தியாசம் கணக்கில் ஒட்டாமல் நிற்கும். கொடுக்கப்பட்ட விகிதத்தாலேயே வகுப்பது நல்லது.

ஜப்பானிய யென்னுக்கு இன்னொரு படி உண்டு. அதே குறிப்பு விகிதப் பட்டியலில் டாலர், யூரோ, பவுண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அலகின் மதிப்பு இருக்க, யென்னுக்கு 100 அலகின் மதிப்பு இருக்கும். உதாரணத்திற்கு விகிதம் 58 என்றால் வாக்கியம் "100 யென் = 58 ரூபாய்". எனவே 2,50,000 யென்னை முதலில் நூறால் வகுத்து 2,500 ஆக்கி, பிறகு 58-ஆல் பெருக்கினால் 1,45,000 ரூபாய் கிடைக்கும்.