வேலை போனது, விறைப்பும் தளர்கிறது: மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 42. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆசையே வருவதில்லை. வந்தாலும் விறைப்பு பாதியில் தளர்ந்துவிடுகிறது. காலையில் எழும்போது மட்டும் சரியாக இருக்கிறது. மனைவி எதுவும் கேட்பதில்லை. கடையில் மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்: போகிற போக்கில் காலை விறைப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான தகவல். தூக்கத்தில், பெரும்பாலும் கனவு காணும் கட்டங்களில், ஆண்களுக்குத் தானாகவே விறைப்பு வந்து போகும். அது உறுதியாக இருக்கிறதென்றால் ரத்தக்குழாய்களும் நரம்புகளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. சிக்கல் விழித்திருக்கும் நேரத்தில்.

ஆண்குறிக்குள் இருக்கும் தசைகள் தளர்ந்தால்தான் ரத்தம் நிரம்பி விறைப்பு வரும். பதற்றத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் அதே தசைகளை இறுக்கிவிடுகிறது. கட்ட வேண்டிய தவணை அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தாலே போதும். இரண்டு முறை இப்படி ஆனதும், ‘இன்றாவது நிற்குமா’ என்று உங்களை நீங்களே கண்காணிக்கத் தொடங்குவீர்கள். முதல் கவலையைவிட இது பொல்லாதது; புது வேலை கிடைத்த பிறகும் சிலரிடம் தங்கிவிடுகிறது. ஆசை குறைவதில் தூக்கத்துக்கும் பங்குண்டு. ஆசைக்குத் துணைபோகும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் தூக்கத்தில்தான் ஏறுகிறது, கடன் கணக்கோ தூங்க விடுவதில்லை. தூக்கம் வர மது குடித்தால் தூக்கம், ஆசை இரண்டும் கெடும்.

முதலில் மனைவியிடம் பேசுங்கள், படுக்கையில் அல்ல, பகலில். “உன்மேல் ஆசை போகவில்லை, தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது” என்று சொன்னால் போதும். கேட்காமல் இருப்பவர், தன்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். பணப் பேச்சுக்குத் தனி நேரம் வையுங்கள். அது படுக்கையறைக்குள் வர வேண்டாம்.

அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்கு உடலுறவு வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுங்கள். தொடுவது, தடவுவது, அணைத்துக் கிடப்பது மட்டும். விறைப்பு வந்தால் உடனே பயன்படுத்த அவசரப்படாதீர்கள். அது தளரட்டும், தொடுதல் தொடர்ந்தால் மறுபடி வரும். அதை நேரில் கண்டால்தான் பயம் விடும்.

மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் மாத்திரை ஆசையைக் கொண்டுவராது. கிளர்ச்சி இருந்தால்தான் வேலை செய்யும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால், பயம் தெளியும்வரை சில வாரங்கள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து.

ஐந்து மாதம் ஆகிவிட்டதால் மருத்துவரை எப்படியும் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, காலை நேர டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். ஆண்குறியின் ரத்தக்குழாய்கள் குறுகலானவை என்பதால், இதயத்தில் வரவிருக்கும் அடைப்பு சிலருக்கு முதலில் இங்கேதான் தெரியும். காலை விறைப்பும் நின்றுபோனால் தாமதிக்காதீர்கள். எதிலுமே பிடிப்பில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அன்றே மனநல மருத்துவரிடம் போங்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் சில ஆசையை மட்டுப்படுத்தும். அப்படித் தோன்றினால் அவரிடமே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தக் கூடாது.