பாதி திறந்த கேட் வால்வும் கீசரும்: எந்த இடத்துக்கு எந்த வால்வு?

கேள்வி: சாட்ஸ்வர்த்தில் பழைய வீடு. மீட்டருக்குப் பின்னால் ஒரு கேட் வால்வு இருக்கிறது. கீசருக்குப் பிரஷர் அதிகம் போகக்கூடாது என்று அதைப் பாதிதான் திறந்து வைத்திருக்கிறோம். இப்போது இறுக்கி மூடினாலும் தண்ணீர் நிற்பதில்லை. பால் வால்வு போடச் சொல்கிறார்கள். தண்ணீர் வராத நாட்களுக்காக 2500 லிட்டர் டேங்கும் வைக்கப் போகிறோம். குளோப் வால்வு என்று ஒன்று சொல்கிறார்களே, அது எதற்கு?

பதில்:

மீட்டருக்குப் பின்னால் பால் வால்வு போடுங்கள், ஆனால் அதைப் பாதி திறந்து வைக்காதீர்கள். டேங்குக்குப் போகும் குழாயில் மட்டும் குளோப் வால்வு போடுங்கள். கேட் வால்வு உங்கள் வீட்டில் இனி எங்குமே வேண்டியதில்லை.

முதலில் கீசர் விஷயம், ஏனென்றால் பயப்பட வேண்டியது அதற்குத்தான். வால்வைப் பாதி மூடினால் குறைவது பாயும் தண்ணீரின் அளவுதான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே வால்வுக்கு அந்தப் பக்கம் பிரஷர் இறங்கும். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டால், அந்தச் சின்ன இடுக்கு வழியாகவே சில நொடிகளில் தெருக்குழாயின் முழுப் பிரஷரும் உள்ளே வந்துவிடும். ராத்திரி முழுக்கக் கீசர் தாங்குவது அந்தப் பிரஷரைத்தான். நம்பிக்கை இல்லை என்றால், தோட்டத்துக் குழாயில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பாருங்கள். கேட் வால்வு முழுக்கத் திறந்திருந்தாலும் கால்வாசி திறந்திருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

கீசரின் தகட்டில் அது தாங்கும் அளவு எழுதியிருக்கும். இங்கே பெரும்பாலும் 400 கிலோபாஸ்கல். அதைக் காப்பது கீசருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில் உள்ள பிரஷர் கண்ட்ரோல் வால்வு. அது இருக்கிறதா, கீசரின் அளவுக்குப் பொருந்துகிறதா என்று பிளம்பரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் கீசருக்கும் நடுவில் வழியை அடைக்கக்கூடிய எந்த வால்வையும் வைக்க விடாதீர்கள். சூடாகி விரியும் தண்ணீர் வெளியேற வேண்டிய வழி அது.

இனி, உங்கள் கேட் வால்வு ஏன் மூட மறுக்கிறது என்பதைப் பார்ப்போம். உள்ளே ஆப்பு வடிவில் ஒரு பித்தளைத் தகடு, திருகுத் தண்டின் முனையில் தொங்குகிறது. முழுக்கத் திறந்தால் அது மேலே ஏறி வழியை விட்டு விலகிவிடும். முழுக்க மூடினால் இரண்டு பக்க வளையங்களுக்கு நடுவில் இறுகும். பாதியில் நிறுத்தினால் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கீழே பிறைபோல ஒரு இடைவெளி, அதன் வழியே வேகமாகப் பீறிடும் தண்ணீர், அந்த வேகத்தில் தகடு நாள் முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும். நடுக்கத்தில் விளிம்பு தேயும். பீறிடும் தண்ணீர் வளையத்தின் அடிப்பகுதியில் மெல்லிய வரிகளாக அரித்துவிடும். போதாக்குறைக்குத் தகடு உட்காரும் பள்ளம் அடியில் இருப்பதால், தண்ணீர் நின்று மறுபடி வரும்போது கூடவே வரும் மண்ணும் துருவும் அங்கேதான் படியும். அரிப்பும் மண்ணும் சேர்ந்த பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பலன் இல்லை. குறடு வைத்துத் திருகினால் தண்டு தகட்டிலிருந்து கழன்றுவிடும். அப்புறம் பிடி சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே ஒன்றும் நகராது. பெரும்பாலும் தகடு கீழே விழுந்து வழியை அடைத்துக்கொள்ளும்.

கேட் வால்வால் ஓட்டத்தைச் சீராகக் குறைக்கவும் முடியாது. முதல் சில சுற்றுகளிலேயே பெரும்பகுதித் தண்ணீர் வந்துவிடும், மீதிச் சுற்றுகளில் அதிகம் மாறாது.

அந்த இடத்துக்குப் பால் வால்வு பொருத்தம். கால் சுற்றுத்தான், கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது வீட்டில் யார் வேண்டுமானாலும் ஓடிப்போய் மூடலாம். வாங்கும்போது முழுத்துளை வால்வு கேளுங்கள். விலை குறைந்த பலவற்றில் உள்ளே இருக்கும் பந்தின் துளை குழாயைவிடச் சிறியது, ஒரு முனையிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும். செம்புக் குழாயில் பற்றவைப்பதைவிட இறுக்கு நட்டு உள்ள வகையே நல்லது. பந்தைச் சுற்றியிருக்கும் டெஃப்லான் வளையம் நெருப்புச் சூட்டைத் தாங்காது.

அதே வளையம்தான் பால் வால்வையும் பாதி திறந்து வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம். டெஃப்லான் மென்மையானது. பந்தின் துளை விளிம்பு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தினால் வளையம் அங்கே பிதுங்கி நிற்கும், மூடும்போது அந்த இடம் கிழியும். மூடும்போது வெடுக்கென்று திருப்பவும் கூடாது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் செம்புக் குழாயில் சட்டென்று நிறுத்தினால், வால்வுக்கு முன்பக்கம் 1300 கிலோபாஸ்கல் வரை ஒரு அடி விழலாம். சில நொடிகள் எடுத்து மெதுவாக மூடினால் போதும்.

குளோப் வால்வில் தண்ணீர் ஒரு தட்டுக்கு அடியிலிருந்து மேலே ஏறி வளைந்து போகும். தட்டு தண்டோடு உறுதியாக நிற்பதால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் நடுங்காது. தேய்ந்தாலும் பெரும்பாலும் வாஷர் மாற்றினால் சரி. இதற்கு விலையாகக் கொடுப்பது தடை: உள்விட்டம் 20 மில்லிமீட்டர் குழாயில், முழுக்கத் திறந்த குளோப் வால்வு கிட்டத்தட்ட 7 மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். முழுத்துளைப் பால் வால்வு 6 சென்டிமீட்டருக்குத்தான் சமம். அதனால் மெயினில் அது வேண்டாம். டேங்க் குழாயிலோ நமக்கு வேண்டியதே தடைதான், இல்லாவிட்டால் டேங்க் நிரம்பும் நேரமெல்லாம் ஷவரில் தண்ணீர் நூலாக வரும்.

டேங்க் குழாயில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஒரு பால் வால்வு, அடுத்து குளோப் வால்வு, கடைசியில் டேங்கின் மிதவை வால்வு. குளோப் வால்வின் உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் பார்க்க வேண்டும். முன்னால் பால் வால்வு இருந்தால் மிதவையைச் சரிசெய்ய அதை மூடினால் போதும், குளோப் வால்வின் அளவைத் தொட வேண்டியதில்லை.

அளவு வைப்பது காலையில், எல்லோரும் குளிக்கும் நேரத்தில். பிரஷர் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். மிதவை முழுக்கத் தொங்கட்டும். குளோப் வால்வை மூடிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, டேங்கில் விழும் தண்ணீரை 10 லிட்டர் வாளியில் பிடியுங்கள். வாளி 2 நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 5 லிட்டர். காலி டேங்க் நிரம்ப 500 நிமிடம், அதாவது 8 மணி 20 நிமிடம் ஆகும். ராத்திரியில் பிரஷர் இரட்டிப்பானாலும் ஓட்டம் இரட்டிப்பாகாது, ஏறக்குறைய 7 லிட்டராகத்தான் ஏறும். அந்த நேரத்தில் யாரும் குளிப்பதில்லை, நல்லதுதான்.

அளவு சரியானதும், மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று வால்வு பக்கத்துச் சுவரிலேயே எழுதி வையுங்கள். தண்ணீர் நின்று திரும்ப வந்த பிறகு டேங்க் நிரம்ப அதிக நேரம் எடுத்தால், அந்தச் சின்ன இடைவெளியில் மண் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். முழுக்கத் திறந்து அரை நிமிடம் ஓடவிட்டு, மூடி, சுவரில் எழுதிய சுற்றுக்கே திரும்ப வையுங்கள்.