160 எழுத்துக்குள் பயோ எழுதுவது எப்படி?

கேள்வி: எக்ஸ் தளத்தில் பயோவுக்கு 160 எழுத்து என்கிறார்கள். நான் தமிழில் எழுதினால் நூறு எழுத்திலேயே பெட்டி நிரம்பிவிடுகிறது. நான் எழுதியது இது: "வணக்கம்! நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன். பறவைகளைப் பார்ப்பதிலும் புத்தகங்கள் வாசிப்பதிலும் மிகுந்த ஆர்வம் கொண்டவன். கனவுகளைத் துரத்தும் ஒரு சாதாரண மனிதன்." கடைசி வாக்கியம் "கனவ" என்று நின்றுவிடுகிறது. எதை வெட்டுவது, எப்படி எழுதுவது?

பதில்:

கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பயோ எழுதித் தருவதும் அதில் அடக்கம். உங்கள் சிக்கலுக்குக் காரணம் அந்த "கனவ"விலேயே இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் "வு" என்பதை ஓர் எழுத்தாகப் பார்க்கிறோம். கணினி அதை "வ" ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டாகச் சேமிக்கிறது. எண்ணும்போதும் இரண்டாகவே எண்ணுகிறது. உங்கள் 160-ஆவது இடத்தில் "வ" உட்கார்ந்துவிட்டது, உகரத்துக்கு இடமில்லை. அதனால்தான் சொல் மட்டுமல்லாமல் எழுத்தே பாதியில் அறுந்திருக்கிறது. நீளமான தமிழ் வரியை எங்காவது ஒட்டிய பிறகு கடைசி எழுத்தைப் பாருங்கள். புள்ளியோ கொம்போ காணாமல் போயிருந்தால் பெட்டி நிரம்பி வெட்டியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

கணக்கு வாத்தியாருக்கு விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம். உயிரெழுத்தும் அகரம் ஏறிய மெய்யும் (அ, ஆ, க, ம) ஒன்று. புள்ளி வைத்ததும் மற்ற உயிர்மெய்யும் (க், கி, கை, கோ) இரண்டு. இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் ஒவ்வொன்று. "தமிழ்" கண்ணுக்கு மூன்று, கணக்கில் ஐந்து. பெயரில் "ஸ்ரீ" இருந்தால் அது மட்டுமே நான்கு. உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களையும் எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்கு இடைவெளியோடு 101, கணக்கில் 156. ஆகவே தமிழில் எழுதுபவருக்கு இந்தப் பெட்டி சுமார் நூறு எழுத்துப் பெட்டிதான். இதற்கே சலித்துக்கொள்ள வேண்டாம். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம் என்றால், தமிழுக்கு இதே எண்ணும் முறையில் 70-தான்.

விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை. கணினியில் உலாவியைத் திறந்து F12 அழுத்தி, கன்சோல் பகுதியில் இப்படித் தட்டுங்கள்:

```
"தமிழ்".length
```

5 என்று வரும். மேற்கோள் குறிகளுக்குள் உங்கள் வரியைப் போட்டால் அதன் எண்ணிக்கை கிடைக்கும். இமோஜி இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு எக்ஸ் காட்டும் எண்ணோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்போது பயோ பெட்டியின் எண்ணையே நம்புங்கள். இன்னொன்று, பழைய எழுத்துரு மாற்றியிலிருந்து எடுத்த வரியில் "கொ" என்பது க, ஒற்றைக் கொம்பு, கால் என மூன்று துண்டாகக் கிடக்கும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. எண்ணிக்கை ஏனோ கூடுதலாக இருக்கிறதே என்று தோன்றினால், அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டச்சு செய்யுங்கள்.

சரி, இப்போது வெட்டுவோம்.

"வணக்கம்! நான் ஒரு" என்பது பின்னால் வரும் இடைவெளியோடு 18 இடம். பயோவில் யாரும் வணக்கத்தை எதிர்பார்ப்பதில்லை. அது உங்களைப் பற்றியது என்பதும் தெரிந்ததே, அதனால் "நான்" தேவையில்லை. "ஆசிரியராகப் பணியாற்றி வருகிறேன்" 31 இடம். "ஆசிரியர்" 8 இடம். இரண்டுக்கும் பொருளில் எந்த வித்தியாசமும் இல்லை, மிச்சம் 23. மேடையில் அறிமுகம் செய்யும்போது சொல்கிற நடையைத்தான் நம்மில் பலர் பயோவிலும் எழுதுகிறோம். "பணியாற்றி வருகிறேன்", "ஆர்வம் கொண்டவன்" போன்ற வால்கள் எல்லாம் அந்த நடையிலிருந்து வந்தவை. "மேல்நிலை"யும் போகட்டும். உங்களைப் பின்தொடரலாமா என்று யோசிப்பவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

"மிகுந்த ஆர்வம் கொண்டவன்" இன்னொரு 23 இடம். இதை நீளத்துக்காக மட்டும் நான் வெட்டவில்லை. புத்தகம் வாசிப்பதில் ஆர்வம் உண்டு என்று லட்சம் பேர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் புத்தகம் பற்றி அடிக்கடி பதிவிடுகிறீர்களா? இல்லையென்றால் அது உண்மையாகவே இருந்தாலும் இங்கே வேண்டாம். பயோவைப் படிப்பவர் உங்கள் பதில் ஒன்றை எங்கோ பார்த்துவிட்டு, பெயர் மேல் சுட்டியை வைத்தோ சுயவிவரத்தைத் திறந்தோ வந்திருப்பார். "இவரைத் தொடர்ந்தால் என்ன கிடைக்கும்" என்பது மட்டுமே அவருடைய கேள்வி. அதனால் ஆர்வத்தை விடுங்கள், நீங்கள் போடும் பதிவைச் சொல்லுங்கள். பறவை பார்ப்பவர் என்றால் எங்கே, எப்போது பார்க்கிறீர்கள், இங்கே எதைப் போடுகிறீர்கள்?

"கனவுகளைத் துரத்தும் ஒரு சாதாரண மனிதன்" தானாகவே வெட்டுப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி. இந்த மாதிரி வரிக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. இதற்கு நேர் எதிரானதை யாராவது பயோவில் போடுவார்களா? "கனவே இல்லாத அசாதாரண மனிதன்" என்று ஒருவரும் போடமாட்டார். எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத வரி உங்களை யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது.

நீங்கள் எங்கே, எப்போது பதிவிடுகிறீர்கள் என்பதை ஊகித்து நான் எழுதிப் பார்த்தது இது. விவரங்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர். ஞாயிறு காலை ஏரிப் பறவைகள்: படம், பெயர், எண்ணிக்கை. பத்தாம் வகுப்புக் கணக்குச் சந்தேகங்களை இரவு 8 மணிக்கு மேல் கேட்கலாம்."

மொத்தம் 150. முதல் வாக்கியம் 29, நீங்கள் யார் என்பது. இரண்டாவது 50, இங்கே என்ன வரும் என்பது. மூன்றாவது 69, உங்களை எதற்காக அணுகலாம் என்பது. மூன்றாவதில் நேரம் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. "கேட்கலாம்" என்று மட்டும் எழுதினால் பகல் வகுப்பு நேரத்தில் கேள்வி வந்து குவியும், பதில் வரவில்லையே என்று வருத்தப்படுவார்கள். 150-இல் நிறுத்தியதும் தெரிந்தே செய்ததுதான். இன்ஸ்டாகிராமில் பயோவின் எல்லை 150, இதையே அங்கேயும் ஒட்டிவிடலாம்.

இன்னும் இடம் வேண்டுமென்றால் "பத்தாம்" என்பதை "10ஆம்" என்று எழுதினால் இரண்டு மிச்சம். "அரசுப்", "பள்ளிக்" ஆகியவற்றின் ஒற்றை விட்டாலும் இரண்டிரண்டு மிச்சமாகும், ஆனால் "ஆசிரியர்" என்று போட்டுக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். முதல் ஆளாகத் தமிழாசிரியர் ஒருவர்தான் வந்து நிற்பார். "மற்றும்" என்ற சொல்லைக் கண்டால் தயங்காமல் எடுங்கள். இருபக்க இடைவெளியோடு அது 9 இடம், காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து 2. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் சிக்கனம் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. அப்படிப்பட்ட சொற்களில் புள்ளி எழுத்து நிறைய வரும். "சாப்ட்வேர் இன்ஜினியர்" கண்ணுக்கு 12, கணக்கில் 21.

பயோவில் ஊர் இல்லையே என்று கேட்பீர்கள். எக்ஸில் ஊருக்கு 30 இடமுள்ள தனிப் பெட்டி இருக்கிறது, பெயருக்கு 50, வலைத்தள இணைப்புக்கு இன்னொன்று. இவை எதுவும் உங்கள் 160-ஐத் தொடுவதில்லை. "செங்கல்பட்டு" என்று ஊர்ப் பெட்டியில் போட்டுவிட்டால் பயோவில் 12 இடம் மிச்சம். பலர் அந்தப் பெட்டியில் "பூமி", "உங்கள் இதயத்தில்" என்று எழுதி வீணடித்துவிட்டு, ஊரைப் பயோவுக்குள் திணிக்கிறார்கள். பெயர்ப் பெட்டியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதிவிடுங்கள். பழைய மாணவர்கள் எந்த எழுத்தில் தேடுவார்கள் என்று சொல்ல முடியாது.

அனுபவத்தைச் சொல்ல விரும்பினால் "15 ஆண்டுகள் அனுபவம்" வேண்டாம். அது 19 இடம், அடுத்த வருடமே தப்பாகிவிடும். சேர்ந்த ஆண்டைப் போட்டு "2009 முதல்" என்பது போல எழுதினால் 10 இடம், திருத்தவே வேண்டாம்.

பள்ளியின் பெயரை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நீங்கள் அரசு ஊழியர், மாணவர்களும் பெற்றோரும் படிக்கும் இடம் இது. பெயர் போட்டால் நீங்கள் கோபத்தில் எழுதும் ஒவ்வொரு பதிலும் பள்ளியின் பெயரோடு சேர்ந்தே நிற்கும். பாதுகாப்புக்கு "கருத்துகள் சொந்தமானவை" என்று சேர்க்கச் சிலர் சொல்வார்கள். 21 இடம் பிடிக்கும் அந்த வரி, 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளிலிருந்து உங்களுக்கு விலக்கு எதையும் வாங்கித் தராது. அந்த இடத்தைப் பறவைகளுக்குக் கொடுங்கள்.

அப்புறம், மூன்றாவது வாக்கியத்தை வருடம் முழுக்க அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை. பொதுத்தேர்வை ஒட்டிய மாதங்களுக்குத்தான் அது பொருந்தும். அக்டோபர் வாக்கில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும்போது அதை எடுத்துவிட்டு, "வலசைப் பறவை கண்டால் படத்தோடு இடத்தையும் சொல்லுங்கள்." என்று மாற்றலாம். அது 52 இடம், மொத்தம் 133. முதல் இரண்டு வாக்கியங்களிலும் கைவைக்க வேண்டியிருக்காது.