துளை வரிசைக்குச் செயின் அளவா, பேஸ்லைன் அளவா?

கேள்வி: ஆறு துளைகள் வரிசையாக உள்ள தகட்டுக்கு டிராயிங் போடுகிறேன். துளைக்குத் துளை செயினாக அளவு கொடுத்தால் டாலரன்ஸ் சேர்ந்துகொண்டே போகும், பேஸ்லைனில் கொடு என்கிறார்கள். எப்போதும் பேஸ்லைன்தான் சரியா?

பதில்:

இல்லை. அந்தத் தகட்டின் மேல் வந்து உட்காரும் பாகம் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

தகட்டின் நீளம் 240 மி.மீ. இடது விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி முதல் துளை. அங்கிருந்து 40 மி.மீ.க்கு ஒன்றாக இன்னும் ஐந்து துளைகள். எல்லாமே M8 மரைத் துளைகள். மேலே ஒரு மூடி வருகிறது. அதில் அதே இடங்களில் 9 மி.மீ. துளைகள். ஒவ்வோர் அளவுக்கும் ±0.1 டாலரன்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

செயினாகக் கொடுத்தால் முதல் துளைக்கும் ஆறாவது துளைக்கும் நடுவே ஐந்து அளவுகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஐந்தும் ஒரே பக்கம் தவறினால் 200 மி.மீ. தூரம் 200.5 ஆகலாம், 199.5 ஆகலாம். டிராயிங்கின்படி இரண்டும் நல்ல பாகங்களே. மூடியையும் அதே முறையில் வரைந்திருந்தால் அது எதிர்ப்பக்கம் 0.5 போகலாம். ஆக, இரண்டு பாகங்களுக்கும் இடையே 1 மி.மீ. வேறுபாடு. 8 மி.மீ. போல்டுக்கு 9 மி.மீ. துளை எவ்வளவு இடம் தருகிறது? முதல் போல்ட் தன் துளையில் ஒரு பக்கத்தையும் கடைசி போல்ட் மறு பக்கத்தையும் ஒட்டி நின்றால் பக்கத்துக்கு 0.5 வீதம் அதே 1 மி.மீ.தான். மிச்சம் ஒன்றும் இல்லை. அகலவாக்கில் துளை கொஞ்சம் விலகியிருந்தாலோ மரை சற்றுச் சாய்ந்திருந்தாலோ ஆறாவது போல்ட் இறங்காது.

இப்போது முதல் துளையையே பேஸாக வைத்து 40, 80, 120, 160, 200 என்று கொடுங்கள். டாலரன்ஸ் அதே ±0.1. முதல் துளைக்கும் ஆறாவதற்கும் நடுவே ஒரே அளவுதான் இருக்கிறது, அதனால் ±0.1. முதல் துளை சேராத எந்த இரண்டு துளைகளை எடுத்தாலும் இரண்டு அளவுகள் சேரும், ±0.2. மூடியும் அப்படியே இருந்தால் மிக மோசமான நிலையில் 0.4 மி.மீ. வேறுபாடு. 0.6 கையில் நிற்கிறது.

இங்கே பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரண்டு துளைகளை மட்டும் பாருங்கள். செயினில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ±0.1. பேஸ்லைனில் அதே தூரம் ±0.2. பேஸ்லைன் சேர்மானத்தை ஒழிப்பதில்லை, இரண்டு டாலரன்ஸோடு நிறுத்துகிறது. துளைகள் கூடக்கூட அதன் பலன் பெரிதாகிறது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் தூரம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் அது நஷ்டம்.

உதாரணமாக மூன்றாவது, நான்காவது துளைகளில் மரைக்குப் பதிலாக டோவல் பின்கள் இறங்கி ஒரு பிராக்கெட்டைப் பிடிக்கின்றன, அந்த 40 மி.மீ. ±0.05க்குள் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பேஸ்லைன் வழியாகச் சாதிக்க இரண்டு துளைகளுக்கும் தனித்தனியே ±0.025 கொடுக்க வேண்டும். தேவையில்லாத இடத்தில் காசு போகும். மூன்றாவது துளையைப் பேஸிலிருந்து ±0.1இல் கொடுத்துவிட்டு, நான்காவதை மூன்றாவதிலிருந்து நேரே 40 ±0.05 என்று கொடுங்கள். நான்காவதற்குப் பேஸிலிருந்து இன்னொரு அளவு கொடுக்காதீர்கள். ஒரே இடத்தை இரண்டு வழியில் சொன்னால் ஆய்வாளர் எதை நம்புவார்? ஒரே டிராயிங்கில் இப்படி இரண்டு முறையும் கலந்து வருவதில் தவறே இல்லை.

பேஸ் விளிம்பா, துளையா என்பதும் இதே கேள்விதான். மூடி துளைகளை மட்டுமே பிடித்து உட்கார்ந்தால் பேஸ் ஒரு துளையாக இருக்கட்டும். விளிம்பிலிருந்து அந்தத் துளைக்கு 20 ±0.5 போதும். தகடு ஒரு ஸ்டாப்பில் முட்டி நிற்க, துளைகள் அந்த ஸ்டாப்பை ஒட்டி வர வேண்டும் என்றால் மட்டும் விளிம்பைப் பேஸாக்குங்கள். அப்போதும் அந்த விளிம்பு மில்லிங் செய்ததாக இருக்க வேண்டும். கேஸ் கட்டிங் செய்த விளிம்பிலிருந்து 0.1 மி.மீ. கேட்பது நடக்காத காரியம்.

“எங்கள் மெஷின் G90இல் ஒரே ஜீரோவிலிருந்துதான் போகிறது, செயினாகக் கொடுத்தாலும் பிழை சேராது” என்று சொல்வார்கள். அந்த மெஷினில் அது உண்மை. ஆனால் டிராயிங் அந்த மெஷினோடு நிற்பதில்லை. அடுத்த ஆர்டர் கையால் மார்க்கிங் செய்யும் பட்டறைக்குப் போகலாம். அங்கே டிவைடரை 40க்கு வைத்து ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு நகர்த்துகிறார்கள். டிவைடர் 0.08 கூடுதலாக விரிந்திருந்தால் ஐந்து அடியில் 0.4. ஒவ்வோர் அடியும் டாலரன்ஸுக்குள்ளேதான் இருக்கிறது, நீங்கள் அந்தப் பாகத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. ஐந்து பிழைகளும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் என்று வர்க்கமூலக் கணக்குப் போட்டு ±0.22 என்று ஆறுதல் அடைவதும் இதனால்தான் செல்லாது. அந்தக் கணக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத பிழைகளுக்கு. இங்கே ஐந்தும் ஒரே டிவைடரிலிருந்து வருகின்றன.

போல்ட் இறங்காத பாகம் கைக்கு வந்தால் காரணத்தைக் கண்ணாலேயே பிரித்துவிடலாம். மூடியை வைத்து முதல் துளையை நடுவுக்குக் கொண்டுவந்து, தகட்டின் நீளவாட்டைச் சரிசெய்து, மற்ற துளைகளை மேலிருந்து பாருங்கள். ஒரு பக்கத்தில் தெரியும் கீழ்த்தகட்டின் விளிம்பு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று படிப்படியாகத் தடித்துக்கொண்டே போனால் அது சேர்ந்த பிழை. ஒரு துளையில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமுமாக மாறி மாறித் தெரிந்தால் டிரில் அலைந்திருக்கிறது. அதற்கு டிராயிங்கை மாற்றிப் பயனில்லை, சென்டர் டிரில் போடச் சொல்லுங்கள்.

அளக்க வசதியுள்ள இடத்துக்கு வேலை போகிறது என்றால் நான் இந்த இரண்டு முறையையும் விட்டுவிட்டு, அளவுகளைக் கட்டத்துக்குள் போட்டு பொசிஷன் டாலரன்ஸ் கொடுப்பேன். கட்டத்துக்குள் இருக்கும் அளவுக்கு டாலரன்ஸே கிடையாது. அதனால் 40, 40, 40 என்று தொடராக எழுதினாலும் சேர எதுவும் இல்லை. நம் கணக்கில் போல்டுக்கும் துளைக்கும் உள்ள 1 மி.மீ. இடைவெளியைத் தகட்டுக்கு ⌀0.5, மூடிக்கு ⌀0.5 என்று பங்கிடலாம். அதாவது ஒவ்வொரு துளையும் தன் சரியான இடத்திலிருந்து எந்தத் திசையிலும் 0.25 விலகலாம், அப்போதும் ஆறு போல்ட்களும் இறங்கும். செயினில் ±0.1 கேட்டும் கிடைக்காத உறுதி, அதைவிடத் தளர்வான டாலரன்ஸில் கிடைக்கிறது. மரைத் துளைக்கு மட்டும் அந்த ⌀0.5 மூடியின் தடிமன் வரை மேலே நீளும்படி குறியிடுங்கள். இல்லாவிட்டால் சாய்ந்த மரை போல்டை மூடிக்குள் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.