20 பனியனில் 2 பழுது: அந்த 190 எங்கிருந்து வந்தது?

கேள்வி: லாட்டில் 5% பனியன் பழுது. 20 எடுத்தால் சரியாக 2 பழுதாக இருக்க நிகழ்தகவு என்ன? 0.05² × 0.95¹⁸ போட்டால் 0.001 வருகிறது, புத்தகத்தில் 0.189. எங்கே தவறு?

பதில்: நீங்கள் கண்டது ஒரே ஒரு வரிசைக்கான விடை. உதாரணமாக, முதல் இரண்டும் பழுது, மீதி 18-ம் நல்லவை. ஆனால் பழுதானவை 3-வதும் 11-வதுமாக இருக்கலாம், 7-வதும் 20-வதுமாகவும் இருக்கலாம். 20 இடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க (20 × 19) / 2 = 190 வழிகள். ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு அதே 0.001 (சற்றே குறைவு) என்பதால் பெருக்கினால் போதும்:

P(X = 2) = 190 × 0.0025 × 0.3972 ≈ 0.189

விடை சந்தேகத்துக்கிடமாகச் சிறியதாக இருந்தால், இந்த 190-ஐத்தான் பெரும்பாலும் மறந்திருப்போம்.

கேள்வியில் 'சரியாக 2' என்றிருக்கிறதா, '2 அல்லது அதற்கு மேல்' என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னதற்கு 0, 1 வருவதற்கான நிகழ்தகவுகளை 1-லிருந்து கழிக்க வேண்டும்: 1 − 0.3585 − 0.3774 ≈ 0.264.

இன்னொன்று, பாடத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். எடுத்த பனியனைத் திரும்பப் போடாவிட்டால் அடுத்ததன் வாய்ப்பு மாறும். லாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தால் அது தெரியவே தெரியாது. மொத்தமே 40 பனியன், அதில் 2 பழுது என்றால், 20 எடுக்கையில் இரண்டுமே சிக்க உண்மையான நிகழ்தகவு (20 × 19) / (40 × 39) ≈ 0.244. அங்கே ஈருறுப்புச் சூத்திரம் தரும் 0.189 தவறு. மாதிரி, லாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதவரை கவலையில்லை.