மதிய தள்ளுபடி: விற்பனை கூடுகிறது, லாபம் இல்லை

"மஞ்சக்குப்பத்தில் ஜூஸ் கடை. 60 ரூபாய் ஜூஸுக்குப் பழம், பால், கப் எல்லாம் சேர்த்து செலவு 30. மதியம் 3 முதல் 5 வரை 20 சதவீதம் தள்ளுபடி போட்டதும் 30 கிளாஸ் 45 ஆனது. கல்லா நிறைகிறது, கையில் ஒன்றும் நிற்கவில்லை. ஏன்?"

முன்பு கிளாஸுக்கு 30 ரூபாய் நின்றது, 30 கிளாஸுக்கு 900. இப்போது 48-க்கு விற்பதால் நிற்பது 18 தான், 45 கிளாஸுக்கு 810. கல்லா 1800-லிருந்து 2160 ஆனாலும் தினமும் 90 ரூபாய் போகிறது. 50 கிளாஸ் விற்றால்தான் பழைய 900 வரும்.

அதோடு, அந்த 15 பேரும் புதியவர்களா என்று பாருங்கள். புதுச்சேரியில் என் கடையில் இதே சலுகை போட்டபோது, தினமும் ஐந்தரைக்கு வந்து முழு விலை கொடுத்தவர்களே நாலே முக்காலுக்கு வந்து நின்றார்கள்.

அதனால் ஒரு வாரம் திங்கள், புதன், வெள்ளி மட்டும் சலுகை, அடுத்த வாரம் செவ்வாய், வியாழன், சனி, இப்படி நாலு வாரம் மாற்றி மாற்றிப் போடுங்கள். மழை நாளைக் குறித்துவைத்து, கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். அப்புறம் 3-5 கணக்கை மட்டும் பார்க்காமல், செலவு போக முழு நாளுக்கும் நின்ற பணத்தை, சலுகை நாள், சலுகை இல்லாத நாள் என்று பிரித்து ஒப்பிடுங்கள்.