ஷோகி கேள்வி-பதில்: அடிப்பதா, காப்பதா?

ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி பற்றிக் கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன. இரு ராஜாக்களும் ஆபத்தில் இருக்கும்போது, தாக்குதலைத் தொடர்வதா, நின்று காப்பதா என்பதே அந்த இடம். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதைச் 'சொகுடோ கெய்சான்', அதாவது வேகக் கணக்கு என்கிறார்கள். கட்டங்களை வழக்கப்படி வலமிருந்து இடமாகவும், பிறகு மேலிருந்து கீழாகவும் எண்ணியிருக்கிறேன். நீங்கள் கீழ்ப்பக்கத்தில் அமர்ந்திருக்கிறீர்கள்.

கேள்வி: வேகக் கணக்கில் எதை எண்ண வேண்டும்? செக் கொடுக்கும் நகர்வுகளையா?

இல்லை. மேட் வரிசை உருவாவதற்கு முன்னால் தேவைப்படும் ஆயத்த நகர்வுகளை மட்டுமே எண்ண வேண்டும். எதிராளி குறுக்கிடாமல் விட்டால், அவர் ராஜாவுக்குத் தொடர் செக்குகளால் மேட் கிடைக்கும் நிலையை எட்ட உங்களுக்கு எத்தனை நகர்வுகள் வேண்டும் என்று பாருங்கள். அது உங்கள் எண். அதே கேள்வியை உங்கள் ராஜாவின் மேல் கேட்டால் கிடைப்பது அவருடைய எண். அடுத்த முறையில் மேட் என்று மிரட்டும் நிலைக்கு 'ட்சுமேரோ' என்று பெயர்.

ஆட வேண்டிய முறை உங்களுடையதாக இருக்கையில், உங்கள் எண் அவருடைய எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நீங்கள் முந்துகிறீர்கள். கூடுதலாக இருந்தால் பிந்துகிறீர்கள். சமமாக இருந்தும் வெல்வதற்குக் காரணம், முதலில் நகர்த்துபவர் நீங்கள் என்பதுதான். அவர் முறை என்றால் சமம் என்பது உங்களுக்குத் தோல்வி. எண்களைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, முறை யாருடையது என்பதை மறந்து தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இதை ஒரு நிலையை வைத்து விளக்க முடியுமா?

எதிராளியின் ராஜா 5-1-இல் துணையின்றி நிற்கிறது. அவர் கையில், அதாவது பிடித்து வைத்து மீண்டும் பலகையில் இறக்கக்கூடியதாக, காய் எதுவும் இல்லை. உங்கள் சிப்பாய் 5-4-இல் இருக்கிறது, கையில் ஒரு தங்கம் உண்டு. உங்கள் ராஜா 5-9-இல் நிற்கிறது. அதை நோக்கி அவருடைய இரண்டு டொகின்கள், அதாவது தங்கமாக உயர்ந்த சிப்பாய்கள், 5-7-இலும் 3-7-இலும் வந்து நிற்கின்றன. சுற்றிலும் வேறு காய்கள் இல்லை. முறை உங்களுடையது.

முதலில் அவருடைய எண். 3-7 டொகின் 4-7-க்கு வந்துவிட்டால், அடுத்து 5-8-இல் இறங்கி, 5-7 டொகினின் துணையோடு மேட் செய்துவிடும். இப்போதே 4-8-இல் செக் கொடுத்தால் நீங்கள் 6-9-க்கு விலகி, அடுத்த செக்குக்கு 7-8-க்குத் தப்பலாம். ஆகவே அவருக்கு ஒரு ஆயத்த நகர்வு தேவை. உங்கள் எண்ணும் ஒன்றுதான்: சிப்பாயை 5-3-க்குத் தள்ளி டொகினாக உயர்த்தினால், அடுத்து 5-2-இல் தங்கத்தை வைத்து மேட். ஒன்றுக்கு ஒன்று, முறை உங்களுடையது; எனவே தாக்கலாம்.

எப்படித் தாக்குவது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. கையில் தங்கம் இருக்கிறதே என்று உடனே 5-2-இல் வைத்துச் செக் கொடுத்தால், அதற்குத் துணை இல்லாததால் ராஜா அதைத் தின்றுவிடும். அந்தத் தங்கமே உங்கள் தலைமேல் 5-8-இல் இறங்கி மேட் ஆகும். தங்கத்தை 5-3-இல் வைத்தால் சிப்பாயின் துணை உண்டு, பார்க்கவும் பலமாகத் தெரியும். ஆனால் கையில் வேறு காய் இல்லாததால் அது ட்சுமேரோவே அல்ல. அவர் 4-7-க்கு வந்துவிடுவார்.

5-3-இல் டொகின் மட்டுமே சரியான விடை. அவர் ராஜாவை 4-1-க்கு நகர்த்தினால் 4-2-இல் தங்கம், 6-1-க்கு நகர்த்தினால் 6-2-இல் தங்கம்; இரண்டும் மேட். தப்பவே முடியாத இத்தகைய நிலைக்கு 'ஹிஷ்ஷி' என்று பெயர். அவரிடம் மிச்சமிருப்பவை சில வெற்றுச் செக்குகள் மட்டுமே.

கேள்வி: தாக்கும்போது காய்களைக் கொடுத்தால்தானே வேகம் கூடும்? எதைக் கொடுக்கலாம்?

எதைக் கொடுக்கிறீர்களோ அது உங்கள் ராஜாவை என்ன செய்யும் என்று ஒவ்வொரு காயாக வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன நிலையில் அவருக்குத் தங்கமோ வெள்ளியோ கிடைத்தால் 5-8-இல் வைத்து அந்த நொடியே மேட். வெள்ளி பக்கவாட்டில் நகராது என்றாலும், 4-8, 6-8 கட்டங்களை டொகின் பார்த்துக்கொள்கிறது. குதிரையோ ஈட்டியோ கிடைத்தால் மேட் இல்லை. உங்கள் ராஜா 6-9-க்கு நகர்ந்து தப்பும். ஆக, இங்கே குதிரையைத் தாராளமாகக் கொடுக்கலாம், வெள்ளியைக் கொடுக்கவே கூடாது. தாக்குதல் எத்தனை வேகமானதாக இருந்தாலும், கொடுத்த காயால் எதிராளியின் எண் ஒன்றிலிருந்து பூஜ்யமாகிவிட்டால் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிடும்.

கேள்வி: என் ராஜா ஏற்கெனவே ட்சுமேரோவில் இருந்தால் தோல்விதானா?

அதே நிலையில் இரண்டாவது டொகின் 3-7-க்குப் பதிலாக 4-7-இல் இருக்கிறது என்று கொள்வோம். அவருடைய எண் பூஜ்யம், உங்களுடையது ஒன்று. 5-3-இல் டொகின் வைத்தால் 5-8-இல் மேட் வாங்குவீர்கள். ஆகவே காக்கத்தான் வேண்டும். பலர் இங்கே கையிலுள்ள தங்கத்தைக் காவலுக்கு வைப்பார்கள். அதோடு அவர்களுடைய தாக்குதலும் போய்விடும்.

ராஜாவை 6-9-க்கு ஒரு கட்டம் நகர்த்திப் பாருங்கள். இப்போது 5-8-இல் செக் வந்தால் 7-8-க்கு வழி இருக்கிறது. மேட் நிலையை உருவாக்க, அவர் இரண்டு டொகின்களையும் ஆளுக்கொரு கட்டம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். ஒரே நகர்வில் அவருடைய எண் பூஜ்யத்திலிருந்து இரண்டுக்கு ஏறிவிட்டது, உங்கள் தங்கமோ கையிலேயே இருக்கிறது. முறை அவருடையது, அவர் எண் இரண்டு, உங்கள் எண் ஒன்று. இனிக் காக்க வேண்டியவர் அவர். ராஜா முன்கூட்டியே விலகினால் எட்டு நகர்வு லாபம் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு. எட்டு என்பது மிகையாக இருக்கலாம். இரண்டு லாபம் இங்கே கண்முன்னே இருக்கிறது.

கேள்வி: சரியாகத்தான் எண்ணினேன். எதிராளி மூலைவிட்டக் காய் ஒன்றை வைத்ததும் எல்லாம் தலைகீழானது. ஏன்?

நீங்கள் அனுப்பிய ஆட்டத்தில் நடந்தது 'காப்பும் மிரட்டலும் ஒன்றான நகர்வு'. முதல் நிலையில் 3-7 டொகினை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அவர் கையில் மூலைவிட்டத்தில் ஓடும் காய் ஒன்று, அதாவது பிஷப், இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 5-3-இல் டொகின் வைக்கிறீர்கள். அவர் பிஷப்பை 2-5-இல் வைக்கிறார். அது ஒரு பக்கம் 3-4, 4-3 வழியாக 5-2-ஐக் காக்கிறது. மறுபக்கம் 3-6, 4-7 வழியாக 5-8-ஐக் குறிவைக்கிறது. உங்கள் மிரட்டல் போயிற்று, அவருடைய டொகின் 5-8-இல் இறங்கினால் மேட். எண்ணிக்கை இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் ஓடினால் மட்டுமே செல்லும். எதிராளி கையில் பிஷப்போ யானையோ இருந்தால், இரு ராஜாக்களின் முக்கியக் கட்டங்களும் ஒரே நேரத்தில் பார்க்கப்படும் இடம் ஏதேனும் உண்டா என்று தேடிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

கேள்வி: முப்பது விநாடியில் இத்தனையும் பார்க்க முடியுமா?

வரிசையை மாற்றாமல் பார்த்தால் முடியும். முதலில் அவர் ராஜாவுக்கு இப்போதே மேட் உண்டா? இல்லையென்றால், நீங்கள் இந்த முறை ஒன்றும் செய்யாமல் விட்டால் உங்களுக்கு மேட் உண்டா? உண்டு என்றால் மேட்டைத் தடுக்கும் நகர்வுகளை மட்டும் தேடுங்கள்; இல்லை என்றால், எதையும் கொடுக்காத ட்சுமேரோவைத் தேடுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் செக்கைக் கொடுக்காதீர்கள்.